இரண்டு நிமிடம் என்று சொன்னால் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும்

இணையத்தில் நீளமான விண்ணப்பம் நிரப்பியவர்களில் பலர் இதைச் சந்தித்திருப்பார்கள். பெயர், முகவரி, வருமான விவரம், படித்த பள்ளிகள், கடைசியில் அரைப் பக்கத்துக்கு ஒரு விளக்கம். எல்லாவற்றையும் தட்டி முடித்து, 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினால், "உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்" என்று வருகிறது. லாகின் செய்து உள்ளே போனால் படிவம் வெறுமையாக நிற்கிறது.

இதைத் தவிர்ப்பதற்காகத்தான் நல்ல தளங்கள் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டுகின்றன. "இன்னும் இரண்டு நிமிடத்தில் வெளியேற்றப்படுவீர்கள். தொடர வேண்டுமா?" பார்க்க எளிமையான பெட்டி. ஆனால் அது சொல்வது உண்மையா என்று சோதிப்பது அத்தனை எளிதல்ல. பெட்டி வந்ததா என்று பார்த்துவிட்டுச் சோதனையை முடித்துக்கொள்ளும் குழுக்கள் ஏராளம். பெட்டி வந்தும் தகவல் பறிபோகும் வழிகள் பல இருக்கின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை: சேமிக்கப்படாத படிவம், பக்கத்து டேப்.

சர்வர் எப்படி நேரத்தைக் கணக்கிடுகிறது?

நம் பிரவுசரும் தளத்தின் சர்வரும் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதில்லை. ஒரு பக்கம் கேட்கிறோம், அது வருகிறது, பேச்சு முடிந்தது. அடுத்த முறை கேட்பது அதே ஆள்தான் என்று சர்வருக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். கோயில் வாசலில் செருப்பை ஒப்படைத்துவிட்டு வாங்கும் டோக்கன் போல, லாகின் செய்ததும் சர்வர் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. பொருள் அவர்களிடம், எண் நம்மிடம். பிரவுசர் அந்த எண்ணைக் குக்கியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. ஒரே பிரவுசரில் எத்தனை டேப் திறந்தாலும் எண் ஒன்றுதான்.

எண்ணைக் கடைசியாகக் காட்டிய நேரத்தைச் சர்வர் குறித்து வைக்கிறது. குறிப்பிட்ட நேரம் யாரும் காட்டவில்லை என்றால் அந்தச் செஷனைக் கலைத்துவிடுகிறது. எத்தனை நேரம் என்பதைத் தளத்தை அமைத்தவர்கள் முடிவு செய்கிறார்கள். அவர்கள் ஒன்றும் மாற்றாமல் விட்டால், பிஎச்பி மொழியில் எழுதிய தளத்துக்கு 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஜாவா தளங்களை ஓட்டும் டாம்கேட் சர்வருக்கு 30 நிமிடம்.

இப்படிக் கலைப்பது தேவையான ஏற்பாடு. இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ ஒருவர் லாகின் செய்துவிட்டு அப்படியே எழுந்து போனால், அடுத்து உட்காருபவர் அவருடைய கணக்குக்குள் இருப்பார். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, மதிப்பு மிகுந்த சேவைகளுக்கு 2 முதல் 5 நிமிடமும், ஆபத்து குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடமும் பொதுவான அளவாகச் சொல்கிறது. ஆகவே செஷன் முடியத்தான் வேண்டும். முடிவதற்கு முன் சொல்ல வேண்டும், சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

கடிகாரம் இரண்டு

செஷனின் ஆயுளை அளக்கும் கடிகாரம் சர்வரில் இருக்கிறது. "இன்னும் இரண்டு நிமிடம்" என்று எச்சரிப்பதோ பிரவுசரில் ஓடும் சிறு நிரல். அது பக்கம் திறந்த கணத்தில் தானே ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, சர்வரின் கடிகாரமும் இப்படித்தான் ஓடும் என்று நம்பிக்கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்வரை எச்சரிக்கை உண்மை. பிரிந்த கணத்திலிருந்து அது பொய். இந்தச் சோதனையின் மொத்த வேலையும், இரண்டு கடிகாரங்களும் எங்கே பிரிகின்றன என்று தேடுவதுதான்.

பிரிட்டன் அரசின் வருவாய், சுங்கத் துறை இதற்காக எழுதிய நிரல் `hmrc-frontend` என்ற பெயரில் யாரும் படிக்கும்படி பொதுவில் இருக்கிறது. அத்துறையின் சேவைகளில் 15 நிமிடம் ஒன்றும் செய்யாவிட்டால் வெளியேற்றம், 13-ஆவது நிமிடத்தில் எச்சரிக்கை. பெட்டியில் இரண்டு வழிகள்: தொடர்ந்து உள்ளே இருக்கலாம், அல்லது வெளியேறலாம். இந்த 15, 13 என்ற கணக்கையே நம் எடுத்துக்காட்டுகளுக்கும் வைத்துக்கொள்வோம்.

எச்சரிக்கைக்குப் பின் எத்தனை நேரம் தர வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு விதி உண்டு. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைக்க 2008-இல் வந்த டபிள்யூகேக் 2.0 நெறிமுறை, சில விலக்குகளைத் தவிர, நேரக் கட்டுப்பாட்டை அணைக்கவோ மாற்றவோ நீட்டிக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. நீட்டிப்பு என்ற வழியைத் தேர்ந்தால், எச்சரித்தபின் குறைந்தது 20 வினாடி தர வேண்டும். ஒரு விசையைத் தட்டுவது போன்ற எளிய செயலால் நீட்டிக்க முடிய வேண்டும். குறைந்தது பத்து முறை நீட்டிக்க அனுமதிக்க வேண்டும். எனவே ஒரு முறை நீட்டித்துப் பார்ப்பது போதாது. இரண்டாவது முறை பெட்டி வராமலே போகும் பிழையை அடிக்கடி காணலாம். முதல் நீட்டிப்புக்குப் பிறகு பிரவுசர் கடிகாரத்தைத் திரும்ப ஓடவிட மறந்திருப்பார்கள்.

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மூலம் கேட்பார்கள். பெட்டி வந்ததை அது உடனே சொல்ல வேண்டும். அதே சமயம் 119, 118, 117 என்று வினாடிக்கு வினாடி வாசித்துக்கொண்டிருந்தால் பொத்தான் எங்கே என்று தேடவே முடியாது. பிரிட்டன் நிரலில் கடைசி நிமிடத்தில் 20 வினாடிக்கு ஒரு முறைதான் குரல் அறிவிப்பு மாறும்படி வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, திரைவாசிப்பானை ஓடவிட்டு, விசைப்பலகையால் மட்டும் 'தொடர்க' பொத்தானை எட்ட முடிகிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனையில் கட்டாயம் சேர வேண்டும்.

தட்டிக்கொண்டே இருப்பவரும் சும்மா இருப்பவரா?

ஒரு மாணவி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலை 10:00 மணிக்குப் படிவத்தைத் திறக்கிறாள். குடும்பச் சூழல் பற்றி எழுதும் பெட்டியில் யோசித்து யோசித்து எழுதுகிறாள். 10:13 வரை கை ஓயவில்லை. ஆனால் அவள் தட்டிய ஓர் எழுத்துகூடச் சர்வருக்குப் போகவில்லை. எல்லாம் அவளுடைய பிரவுசரிலேயே இருக்கிறது. சர்வரைப் பொறுத்தவரை அவள் பதின்மூன்று நிமிடமாகச் சும்மா இருக்கிறாள்.

இங்கே தளத்தை அமைத்தவர்கள் தெளிவாக ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். தட்டுவதையும் செயல்பாடாகக் கருதுவதா, இல்லையா? கருதுவது என்றால், அவள் தட்டும்போது பிரவுசர் இடையிடையே சர்வருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பல தளங்களில் பாதிதான் செய்திருப்பார்கள். விசை அழுத்தியதும் பிரவுசர் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பும், சர்வருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். விளைவு மிக மோசம். எச்சரிக்கை வரவே வராது. 10:20-க்கு அவள் 'சமர்ப்பி' அழுத்தும்போது செஷன் இறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இதைப் பிடிக்க ஒரே வழி, நிறுத்தாமல் தட்டிக்கொண்டே 15 நிமிடத்தைக் கடந்து, பிறகு சமர்ப்பித்துப் பார்ப்பது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் சோதனையில் இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது.

தட்டுவதை எப்படி உணர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். `keydown` என்ற விசை நிகழ்வை மட்டும் கவனிக்கும் நிரல்கள் உண்டு. போனில் தமிழைக் குரலால் சொல்லி உள்ளிடுபவருக்கும், வேறிடத்தில் எழுதியதை மவுஸால் ஒட்டுபவருக்கும் விசை அழுத்தம் என்பதே நடக்காமல் போகலாம். பெட்டியில் எழுத்து மாறியதைச் சொல்லும் `input` நிகழ்வைக் கவனித்தால்தான் எல்லா வழிகளும் அடங்கும். ஆகவே ஆங்கில விசைப்பலகையோடு நிறுத்தாமல், போனில் தமிழ் விசைப்பலகையிலும் குரலிலும் ஒரு முறை முழுச் சோதனை வேண்டும்.

எச்சரிக்கைப் பெட்டி வரும் கணத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது பெட்டி குதித்தால், கர்சர் படிவத்தை விட்டுப் பெட்டிக்குத் தாவுகிறது. அவள் அடுத்து அழுத்தும் ஸ்பேஸ் விசை, பெட்டியில் எந்தப் பொத்தான் தேர்வாகி நிற்கிறதோ அதை அழுத்திவிடும். அது 'வெளியேறு' என்ற பொத்தானாக இருந்தால், எச்சரிக்கையே அவளை வெளியேற்றிவிட்டது. பெட்டி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்தக் கணத்தில் ஸ்பேஸையும் என்டரையும் தட்டிக்கொண்டிருப்பது ஒரு தனிச் சோதனை. 'தொடர்க' அழுத்தியபின் கர்சர் அவள் விட்ட அதே எழுத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

செஷன் போனபின் படிவத்துக்கு என்ன ஆகிறது?

அவள் எழுந்து சாப்பிடப் போய்விட்டாள், எச்சரிக்கை வந்து போய்விட்டது, செஷனும் முடிந்தது. திரும்பி வந்து லாகின் செய்யும்போது எழுதியது இருக்க வேண்டும். இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. எழுத எழுத வரைவாகச் சர்வருக்கு அனுப்பிச் சேமிக்கலாம், அல்லது அவளுடைய பிரவுசரிலேயே வைத்திருக்கலாம்.

பிரவுசரில் வைப்பதில் சிக்கல் அதிகம். `localStorage` என்ற இடத்தில் வைத்தது லாகின் போனாலும் போகாது. அதே கணினியில் அடுத்து வேறொரு மாணவி லாகின் செய்து அதே படிவத்தைத் திறந்தால், முதல் மாணவியின் குடும்ப வருமானமும் வங்கிக் கணக்கு எண்ணும் அவள் கண்முன் நிற்கும். ஆகவே தகவல் மீளும் சோதனையை ஒரே ஆளை வைத்து முடிக்கக் கூடாது. முதல் ஆளாக எழுதி, செஷனை முடியவிட்டு, இரண்டாம் ஆளாக லாகின் செய்து பார்க்க வேண்டும். எதுவும் தெரியக் கூடாது. பிறகு முதல் ஆளாகத் திரும்ப வந்தால் எல்லாம் தெரிய வேண்டும். இ-சேவை மையங்களில் ஒரே கணினியில் நாளெல்லாம் பலர் விண்ணப்பிக்கும் நம் ஊரில் இது விட்டுவிடக் கூடிய சோதனை அல்ல.

மீண்டது முழுமையாக மீண்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதியதைத் தனியே ஒரு நகல் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பத்தி இடைவெளி, கடைசியாகத் தட்டிய சில சொற்கள், டிக் செய்த கட்டங்கள், ஒரு பதிலைப் பொறுத்து விரியும் கூடுதல் கேள்விகள் ஆகியவைதான் வழக்கமாகக் காணாமல் போகும். இணைத்த சான்றிதழ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை ஒரு பக்கம் தானே மறுபடி தேர்ந்தெடுக்கப் பிரவுசர்கள் அனுமதிப்பதில்லை. அப்படியானால் "சான்றிதழை மீண்டும் இணைக்கவும்" என்று படிவம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இணைப்பு இல்லாமலே விண்ணப்பம் போய்ச் சேரும்.

இன்னொரு பொறி இருக்கிறது. சேமிக்காத படிவத்தை மூடப் போனால் "இந்தப் பக்கத்தை விட்டு வெளியேறவா?" என்று பிரவுசர் கேட்கும். `beforeunload` என்ற வசதியால் வருவது அது. செஷன் முடிந்ததும் தளம் தானாகவே வேறு பக்கத்துக்குப் போக முயன்றால், அப்போதும் இதே கேள்வி எழும். இருக்கையில் யாரும் இல்லை, கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தரங்கத் தகவல் நிறைந்த படிவம் பொதுக் கணினித் திரையில் அப்படியே நின்றுவிடும். பயனர் ஒரு முறையாவது பக்கத்தைத் தொட்டிருந்தால்தான் பிரவுசர் இப்படிக் கேட்கும். அதனால் படிவத்தைத் தொடாமல் காத்திருந்து சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஓர் எழுத்தாவது தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து டேப்

இப்போது கடினமான பகுதி. அதே மாணவி, அதே 15 நிமிடம். 10:00 மணிக்கு முதல் டேபில் படிவத்தைத் திறந்தாள். சர்வரின் கணக்குப்படி செஷன் 10:15-க்கு முடியும். முதல் டேபும் அப்படித்தான் நினைக்கிறது. 10:09-க்குத் தகுதி விதிகளைப் படிக்கலாம் என்று அதே தளத்தின் இன்னொரு பக்கத்தை இரண்டாம் டேபில் திறக்கிறாள். அதே எண் சர்வரிடம் காட்டப்பட்டதால், சர்வரின் கணக்கு 10:24-க்குத் தள்ளிப்போகிறது. முதல் டேபுக்கு இது தெரியாது. அதன் கடிகாரம் இன்னும் 10:15 என்றே ஓடுகிறது.

10:13-க்கு முதல் டேபில் எச்சரிக்கை வருகிறது. அவள் இரண்டாம் டேபில் விதிகளைப் படித்துக்கொண்டிருப்பதால் அதைப் பார்க்கவில்லை. 10:15-க்கு முதல் டேப், நேரம் முடிந்தது என்று தானே முடிவு செய்து, வெளியேற்றும் முகவரிக்குப் போகிறது. அந்த முகவரி சர்வரிடம் "இந்தச் செஷனைக் கலைத்துவிடு" என்கிறது. இன்னும் ஒன்பது நிமிட ஆயுள் இருந்த செஷனை முதல் டேப் கொன்றுவிட்டது. 10:16-க்கு அவள் இரண்டாம் டேபில் ஏதோ ஒரு இணைப்பை அழுத்த, லாகின் பக்கம் வருகிறது. முதல் டேபுக்குத் திரும்பினால், "உங்கள் பாதுகாப்புக்காக வெளியேற்றினோம்" என்று நிற்கிறது. ஒரு நிமிடம்கூட அவள் தளத்தை விட்டு விலகவில்லை.

இந்தப் பிழை புகாராக வரும்போது "சில நேரம் திடீரென்று வெளியே தள்ளுகிறது" என்றுதான் வரும். சோதிப்பவர் ஒரே டேபில் எத்தனை முறை முயன்றாலும் நடக்காது. காரணத்தைச் சர்வரின் பதிவேடு காட்டிக்கொடுக்கும். செஷன் தானாகக் காலாவதியானதா, வெளியேற்றும் கோரிக்கையால் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். கோரிக்கை படிவம் திறந்ததிலிருந்து மிகச் சரியாக 15 நிமிடத்தில் வந்திருந்தால், அதை அனுப்பியது மனிதர் அல்ல, மறந்துபோன ஒரு டேப்.

தீர்வு இரண்டு படி. முதலாவது, ஒரு டேபில் செயல்பாடு நடந்ததும் மற்ற டேபுகளுக்குச் சொல்வது. பிரவுசரில் `BroadcastChannel` என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. பிரிட்டன் நிரலும் இதைத்தான் பயன்படுத்துகிறது, `data-synchronise-tabs` என்ற அமைப்பைக் கொடுத்து இயக்கலாம். ஆனால் இந்த வசதி ஒரே முகவரியில் திறந்த டேபுகளுக்குள்தான் வேலை செய்யும். படிவம் ஒரு துணை முகவரியிலும் விதிகள் இன்னொரு துணை முகவரியிலும் இருந்தால், குக்கியைப் பொதுவாகப் பகிர முடியும், செய்தியைப் பகிர முடியாது. ஆகவே இரண்டாவது படி அவசியம். எச்சரிக்கை காட்டுவதற்கு முன்னும் வெளியேற்றுவதற்கு முன்னும் டேப் சர்வரிடம் "உண்மையில் எத்தனை நேரம் மிச்சம்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியே செஷனை நீட்டித்துவிடக் கூடாது. நீட்டித்தால், கேட்டுக்கொண்டே இருக்கும் டேப் செஷனைச் சாகவே விடாது.

இதே தவறு வேறு உருவிலும் வரும். புதிய அறிவிப்பு உண்டா என்று நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரைக் கேட்கும் பக்கங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு டேப் திறந்து கிடந்தால் போதும், ஆளே இல்லாத கணினியில் செஷன் இரவெல்லாம் உயிரோடு இருக்கும். தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்துவைத்து, எதையும் தொடாமல், உரிய நேரத்தில் செஷன் முடிகிறதா என்று பார்ப்பது இதற்கான சோதனை.

வெளியேறுவதையும் இரு டேபிலும் பார்க்க வேண்டும். இரண்டாம் டேபில் பயனர் தாமே வெளியேறினால், முதல் டேபில் தெரியும் படிவம் உடனே மறைய வேண்டும். எச்சரிக்கைப் பெட்டி அங்கே ஏற்கெனவே நின்றால், 'தொடர்க' என்பதை அழுத்தும்போது தொடர்ந்தது போல் பாவனை செய்யக் கூடாது. செஷன் முடிந்ததை ஒப்புக்கொண்டு, எழுதியதைக் காப்பாற்றி, லாகினுக்கு அழைக்க வேண்டும்.

காத்திருக்காமல் சோதிப்பது

ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் காத்திருக்க முடியாது. பிளேரைட் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகளில் பிரவுசரின் கடிகாரத்தையே முன்னே தள்ளலாம். மேலே சொன்ன கதையின் சாரம் இவ்வளவுதான்:

```js
await context.clock.install();
const a = await context.newPage();
await a.goto('/form');
await context.clock.fastForward('09:00');
const b = await context.newPage();
await b.goto('/rules');
await context.clock.fastForward('04:30');
await expect(a.getByRole('alertdialog')).toBeHidden();
```

படிவம் திறந்து பதின்மூன்றரை நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் இரண்டாம் டேபில் நாலரை நிமிடத்துக்கு முன்தான் செயல்பாடு. எனவே முதல் டேபில் பெட்டி தெரியக் கூடாது. தெரிந்தால் பிழை. இரண்டு பக்கங்களும் ஒரே `context`-இல் திறந்திருப்பதைக் கவனியுங்கள். கையால் சோதிக்கும்போது ஒன்றைச் சாதாரண ஜன்னலிலும் மற்றதை மறைநிலை ஜன்னலிலும் திறந்தால் குக்கி தனித்தனி. சர்வருக்கு அது இரண்டு பேர், இரண்டு டேப் அல்ல.

இந்த முறைக்கு எல்லை உண்டு. தள்ளியது பிரவுசரின் கடிகாரத்தை மட்டும். சர்வரில் சில வினாடிகளே ஆகியிருக்கும். செஷன் உண்மையில் முடிந்தபின் நடப்பதைப் பார்க்க, சோதனைச் சர்வரின் நேரத்தை இரண்டு மூன்று நிமிடமாகக் குறைத்துத் தனியே ஓட்ட வேண்டும்.

குறைத்த நேரத்திலும் சிக்காத பிழை ஒன்று மிச்சம் இருக்கிறது. 2021-இல் வந்த குரோம் 88-இல், ஒரு டேப் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் அதன் உள்ளே ஓடும் தொடர் கடிகாரங்கள் பொதுவாக நிமிடத்துக்கு ஒரு முறைதான் இயங்க விடப்பட்டன. பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. வினாடிக்கு ஒன்று என்று கழித்து எண்ணும் நிரல், அந்த விதிப்படி 12 நிமிடம் மறைந்திருந்தால் என்ன ஆகும்? முதல் ஐந்து நிமிடத்தில் 300 எண்ணும். அடுத்த ஏழு நிமிடத்தில் ஏழுதான் எண்ணும். போனது 720 வினாடி, அது நினைப்பது ஏறக்குறைய 307. மடிக்கணினியை மூடிவைத்தால் எண்ணிக்கை மொத்தமாகவே நின்றுவிடும். அரை மணி கழித்துத் திறந்தவருக்கு "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது" என்ற நம்பிக்கையோடு படிவம் காத்திருக்கும், செஷன் எப்போதோ போயிருக்கும். வினாடியை எண்ணாமல், முடியும் நேரத்தைக் குறித்துவைத்து, டேப் கண்ணுக்குத் தெரிந்த கணத்தில் நேரத்தைப் பார்த்துச் சர்வரிடமும் கேட்பதே சரியான வழி. இதைச் சோதிக்கக் குறுக்கு வழி கிடையாது. வெளியீட்டுக்கு முன் ஒரு முறையாவது முழு 15 நிமிடம் டேபை மறைத்தும், ஒரு முறை மடிக்கணினியை மூடியும் காத்திருந்து பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

படிவம் நிரப்பும் வாசகர்கள், இப்படித் தகவல் பறிபோனால் தங்கள் கவனக்குறைவு என்று எண்ணிச் சும்மா இருந்துவிட வேண்டாம். புகார் எழுதுங்கள். எழுதும்போது நான்கு விவரங்களைச் சேருங்கள்: படிவத்தை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எப்போது வெளியேற்றப்பட்டீர்கள், அதே தளம் வேறு டேபில் திறந்திருந்ததா, நடுவில் கணினியை மூடினீர்களா அல்லது வேறு டேபுக்குப் போனீர்களா? எச்சரிக்கை வந்ததா இல்லையா என்பதையும் குறிப்பிடுங்கள். இந்த விவரங்கள் இருந்தால், பிழை எந்தக் கடிகாரத்தில் என்று ஒரு நல்ல சோதனையாளர் அன்றே கண்டுபிடித்துவிடுவார். தளம் கட்டித் தருபவர்களிடம் வேலையை ஒப்படைக்கும் அலுவலகங்களும், பெட்டி வருகிறதா என்று கேட்பதோடு நிற்காமல், இரண்டு டேப் திறந்து, தட்டிக்கொண்டே, முழு நேரமும் காத்திருந்து பார்த்தீர்களா என்று கேட்கட்டும். பார்த்தோம் என்று பதில் வரும்வரை அந்தத் தளத்தை மக்களுக்குத் திறந்துவிடக் கூடாது.